வெள்ளி எவ்வளவு, காசு எவ்வளவு: வயதானவர்களுக்குக் கியூஆர் பாடம்

செம்பனைச் சாலை | 4 செப்டம்பர் 2025, இரவு 9.12

அப்பாவுக்கு 74 வயது. பெஸ்தாரி ஜெயாவில் தனியாக இருக்கிறார். 2007-இல் ஊர்ப் பெயர் மாறிவிட்டது, அவருக்கு மட்டும் அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எனக்கு ஷா ஆலாமில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் ஊருக்குப் போகிறேன். இப்போது காலைச் சந்தையில் கீரை விற்பவர்கூட இளஞ்சிவப்புக் கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். சில்லறை இல்லாத நாளில் "ஸ்கேன் செய்யுங்கள் ஐயா" என்கிறார்கள். அப்பா எதையும் வாங்காமல் திரும்பி வந்துவிடுகிறார்.

பதினொரு படிகளாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது படியிலேயே தாளை மடித்து வைத்துவிட்டார். ஸ்கேன் செய்த நொடியே பணம் போய்விடும் என்பது அவருடைய பயம். வாயால் சொல்லிக் கொடுக்கும் வசனமாகவே ஒரு பாடம் யாரிடமாவது இருக்கிறதா?

ஞாயிறு வகுப்பு | 4 செப்டம்பர், இரவு 10.40

இருக்கிறது. எங்கள் பட்டணத்துக் கோவில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் ஒன்பது பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆறு பாட்டிகள், மூன்று தாத்தாக்கள். எல்லாரும் பால்மரம் வெட்டியவர்கள். பிறகு செம்பனை வந்தபோது உதிரிப்பழம் பொறுக்கியவர்கள். தமிழ் படிப்பார்கள், எண் படிப்பார்கள், ரோமன் எழுத்து பாதிப் பேருக்கு வராது. உங்கள் பதினொரு படிகளில் எத்தனை படிகளுக்கு ஆங்கிலச் சொல்லோ மலாய்ச் சொல்லோ படிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்பா மூன்றாவது படியில் நின்றதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முதலில் அவருடைய பயம். அதை வாயால் போக்க முடியாது, கண்ணால்தான் போக்க வேண்டும். கணக்கில் உள்ள மீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காகிதத்தில் எழுதி வைக்கட்டும். கடை அட்டையை ஸ்கேன் செய்யட்டும். பெயர் வரும், தொகை கேட்கும் கட்டம் வரும். அங்கேயே பின்னால் செல்லும் அம்புக்குறியை அழுத்தி வெளியே வந்துவிடட்டும். மறுபடியும் மீதியைப் பார்க்கட்டும். காகிதத்தில் எழுதிய அதே எண் நிற்கும். மூன்று முறை செய்தால் போதும். அட்டையில் இருப்பது யாருக்குக் கொடுப்பது என்ற செய்தி மட்டும்தான். நாம் ஒப்புதல் கொடுக்கும் வரை ஒரு காசும் நகராது. என் முதல் வகுப்பு முழுவதும் இது ஒன்றுதான். அன்று யாரும் யாருக்கும் பணம் கட்டுவதில்லை.

இரண்டாம் வகுப்பின் வசனம் இது:

"கடைக்காரரிடம் விலை கேள். செயலியைத் திற. ஸ்கேன் படத்தைத் தொடு. அட்டைக்கு நேரே பிடி. பெயர் வந்ததா? நான்கு வெள்ளி ஐம்பது காசு என்றால் 4, 5, 0 என்று தட்டு, புள்ளி தானாக வரும். திரையைச் சத்தமாகப் படி. சரியென்றால் உறுதி செய்."

இதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம். படி அதிகமானால் கை நடுங்குகிறது.

கல்லாப்பெட்டி | 5 செப்டம்பர், காலை 7.05

நான் ஒட்டுக்கடை வைத்திருக்கிறேன். நாசி லெமாக், தே, வடை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருப்பவனாகச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் குறைந்தது இரண்டு பேர் தொகையைத் தவறாகப் போடுகிறார்கள். வயதானவர்கள் மட்டுமல்ல, பள்ளி ஆசிரியர்களும்தான். 4.50 கொடுக்க வேண்டியவர் 0.45 கொடுத்துவிட்டு நடந்துவிடுவார். கூப்பிட்டு மீதியைக் கேட்டால் முகம் சிவந்துவிடும். போன மாதம் ஒரு பெரியவர் 8.50-க்கு 85.00 போட்டுவிட்டார். என் தொலைபேசியில் பார்த்ததும் 76 வெள்ளி 50 காசைக் கையில் எண்ணிக் கொடுத்தேன். நான் பார்த்ததால் அவர் பிழைத்தார். கூட்ட நேரத்தில் நான் பார்ப்பதில்லை, வெந்நீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று, என் கடைப் பலகையில் ஒரு பெயர், ஸ்கேன் செய்தால் வருவது என் மனைவியின் பெயர். கணக்கு அவள் பேரில். இதைப் பார்த்துப் பயந்து பணம் கொடுக்காமலே போனவர்கள் உண்டு.

பழைய வாத்தியார் | 5 செப்டம்பர், மதியம் 1.30

தொகையைப் பற்றி இவ்வளவு கவலை தேவையா? கடைசியில் ஆறு இலக்க ரகசிய எண்ணைக் கேட்கத்தானே போகிறது? அது இல்லாமல் பணம் போகாது. ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே என்று பாடம் நடத்தினால் போதும். மற்றவை தானாக வரும்.

லயத்து வீடு | 5 செப்டம்பர், மாலை 6.18

என் அம்மாவுக்கும் இதே குழப்பம். அரசாங்கம் கொடுத்த 100 வெள்ளியை எடுக்க எந்த அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும்? அம்மாவிடம் கேமரா உள்ள தொலைபேசியே இல்லை. புதிதாக வாங்க வேண்டுமா?

ஞாயிறு வகுப்பு | 5 செப்டம்பர், இரவு 8.55

லயத்து வீடு அவர்களே, தொலைபேசி வாங்க வேண்டாம். ஆகஸ்ட் 31 முதல் கொடுக்கப்படும் அந்த 100 வெள்ளி மைகார்டில் இருக்கிறது. 18 வயது நிறைந்த குடிமக்கள் எல்லாருக்கும் உண்டு. திட்டத்தில் சேர்ந்த கடைக்கு அம்மா தம் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போனால் போதும். அங்கே கருவியில் அட்டையைச் செருகுவார்கள், அனுமதிக்கப்பட்ட பொருள்களுக்கு அதிலிருந்து கழியும். 2025 டிசம்பர் 31 வரை செலவு செய்யலாம். கியூஆருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது எதையாவது ஸ்கேன் செய்யச் சொன்னால் அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வாத்தியார் ஐயா, ரகசிய எண்ணைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ரகசிய எண் பணத்தைத் திருடனிடமிருந்து காக்கும், நம் விரல் செய்யும் தவறிலிருந்து காக்காது. 85.00 போட்ட பெரியவரும் தம் ரகசிய எண்ணைச் சரியாகத்தான் போட்டிருப்பார். சில மின்பணப்பைகளில் சிறு தொகைக்கு அந்த எண்ணையும் கேட்பதில்லை. உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. நாம் அமைப்பில் போய் மாற்றினால்தான் ஒவ்வொரு முறையும் கேட்கும்.

கல்லாப்பெட்டி அண்ணன் சொன்ன பெயர் விவகாரத்தை நான் இதுவரை சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. "பெயர் வந்ததா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். யார் பெயர் என்று கேட்க வேண்டும்.

ஞாயிறு வகுப்பு | 7 செப்டம்பர், மதியம் 12.20

மேலே நான் எழுதிய வசனத்தை யாரும் பயன்படுத்த வேண்டாம். தயவுசெய்து.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். வகுப்புக்குப் பிறகு மண்டபத்துக்கு எதிரே உள்ள கடையில் உண்மையாகவே பணம் கட்டிப் பார்க்கலாம் என்று நான்கு பேரை அழைத்துப் போனேன். ஆளுக்கு ஒரு நாசி லெமாக், ஒரு தே. 4 வெள்ளி 50 காசு. முதலில் ஒரு பாட்டி. 4 தட்டினார், திரையில் 0.04 என்று வந்தது. 5 தட்டினார், 0.45. பூஜ்யம் தட்டினார், 4.50. நான் சொன்னபடியே நடந்தது. படித்தார், உறுதி செய்தார், முடிந்தது.

அடுத்து ஒரு தாத்தா. அவருடையது வேறு வங்கியின் செயலி. அவரும் 4, 5, 0 என்று தட்டினார். புள்ளி தானாக வரும் என்று நான்தான் சொல்லியிருந்தேனே. அவருடைய செயலியில் புள்ளி தானாக வராது, நாமே தட்ட வேண்டும். அவர் திரையில் நின்றது 450.00. நான் பக்கத்தில் வேறொருவரின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், பார்க்கவே இல்லை. அவர் சத்தமாகப் படித்தார். "நானூற்று ஐம்பது வெள்ளி." அப்படியே விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். "அம்மா, இவர் சோற்றில் தங்கம் போட்டாரா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கை கால் சில்லிட்டுவிட்டது. அது அவருடைய சேமிப்புக் கணக்கு. அவர் உறுதி செய்திருந்தால் 450 வெள்ளியும் போயிருக்கும்.

அவரைக் காப்பாற்றியது வசனத்தின் கடைசி வரி. அவரை ஆபத்தில் விட்டது நான் எழுதிய நடு வரி.

ஞாயிறு வகுப்பு | 7 செப்டம்பர், இரவு 11.02

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

தொகைக் கட்டம் இரண்டு விதம். ஒன்றில் எண்கள் வலப்பக்கக் காசிலிருந்து தள்ளிக்கொண்டு வரும். 4 வெள்ளி வேண்டுமென்றால் 4, 0, 0 என்று மூன்று முறை தட்ட வேண்டும். இன்னொன்றில் 4 தட்டினால் அது நான்கு வெள்ளிதான், காசு வேண்டுமென்றால் புள்ளியை நாமே தட்ட வேண்டும். முதல் விதத்துக்குப் பழகியவர் இரண்டாவதில் தட்டினால் நூறு மடங்கு கூடிவிடும். இரண்டாவதற்குப் பழகியவர் முதலாவதில் 4 மட்டும் தட்டினால் 0.04 ஆகிவிடும், கடைக்காரருக்கு நஷ்டம். கல்லாப்பெட்டி அண்ணனின் 0.45 எப்படி வந்தது என்பதும் இப்போது புரிகிறது. அவர் 4, 5 தட்டியதோடு நிறுத்தியிருப்பார். 85.00 போட்டவர் ஒரு பூஜ்யம் கூடத் தட்டியிருப்பார்.

ஒருவருடைய தொலைபேசியிலேயே வங்கிச் செயலி ஒரு விதமாகவும் மின்பணப்பை இன்னொரு விதமாகவும் இருக்கக்கூடும். மகன் புதுத் தொலைபேசி வாங்கிக் கொடுத்தால், செயலி புதுப்பிக்கப்பட்டால், எல்லாம் மாறும். ஆகவே எந்த எண்ணைத் தட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதையே நான் விட்டுவிட்டேன். திரையில் கடைசியில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். தவறாக வந்தால் அழித்துவிட்டு இன்னொரு விதமாகத் தட்டிப் பார்க்கட்டும். அழிக்கும் சாவி எது என்பதைத்தான் முதலில் காட்ட வேண்டும். அதை இதுவரை காட்டியதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வங்கி முகப்பு | 8 செப்டம்பர், காலை 9.47

இருபத்தாறு ஆண்டுகள் வங்கி முகப்பில் இருந்தேன், இப்போது ஓய்வு. ஞாயிறு வகுப்பு கண்டுபிடித்தது மிகச் சரி. மூன்று விஷயங்களைச் சேர்க்கிறேன்.

முதலாவது, கடையில் தொங்கும் அச்சடித்த அட்டையில் தொகை இருக்காது, நாம்தான் போடுகிறோம். மருந்தகத்திலும் பேரங்காடியிலும் கருவியின் திரையில் தோன்றும் குறியீடு வேறு. அதில் தொகையும் சேர்ந்தே வரும். ஸ்கேன் செய்தவுடன் எண் தயாராக நிற்கும். தட்டுகிற வேலை இல்லாததால் யாரும் அதைப் படிப்பதில்லை. காசாளர் முந்தைய ஆளின் தொகையையோ தவறான தொகையையோ போட்டிருந்தால் அதுவும் அப்படியே போகும். தொகை தானாக வந்தாலும் வாய் திறந்து படிக்க வேண்டும்.

இரண்டாவது, நம் தொலைபேசியில் உள்ள குறியீட்டைக் காசாளர் ஸ்கேன் செய்யும் முறை ஒன்று உண்டு. அங்கே பல நேரம் ஒப்புதலே கேட்காது, கருவி பீப் என்றதும் பணம் கழிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் தொலைபேசியை நீட்டுவதற்கு முன்பே கல்லாத் திரையில் உள்ள தொகையைப் பார்க்க வேண்டும். நீட்டிய பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது, வங்கிச் செயலியையோ மின்பணப்பையையோ திறந்து அதற்குள் இருக்கும் ஸ்கேன் படத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், தொலைபேசியின் வெறும் கேமராவை அல்ல. வெறும் கேமரா எந்தக் குறியீட்டையும் படித்து இணையப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். பெயரும் தொகைக் கட்டமும் வராமல் எதையாவது பதிவிறக்கச் சொன்னால் மூடிவிட வேண்டும்.

தவறிப் போன பணத்தைப் பற்றி: கடை தெரிந்த கடையென்றால் கடைக்காரரிடம் கேட்பதுதான் விரைவான வழி. இல்லையென்றால் உடனே உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள். அவர்கள் பெற்றவரின் வங்கியிடம் கேட்பார்கள். ஆனால் வங்கி தானாகப் பிடுங்கித் தர முடியாது. மோசடி என்றால் 997, தேசிய மோசடி உதவி மையம். தாமதிக்கக் கூடாது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொல்ல வேண்டும்.

பழைய வாத்தியார் | 8 செப்டம்பர், மாலை 4.10

நான் எழுதியதில் பாதியை மீட்டுக்கொள்கிறேன். என் மனைவியின் மின்பணப்பையைப் பார்த்தேன், சிறு தொகைக்கு ரகசிய எண் கேட்கவில்லை. அமைப்பை மாற்றிவிட்டேன்.

பெயரைச் சரிபார்ப்பதற்கு ஒரு யோசனை. முதல் எழுத்தை மட்டுமாவது ரோமனில் படிக்கச் சொல்லிக் கொடுக்கலாமே? இருபத்தாறு எழுத்துகள்தானே? கடை அட்டைமேல் வேறு ஒட்டு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் சொல்லலாம்.

கல்லாப்பெட்டி | 8 செப்டம்பர், இரவு 9.33

ஐயா, தடவிப் பார்த்தால் என் அட்டையில் மூன்று ஒட்டு தட்டுப்படும். எண்ணெய் பட்டுக் கிழிந்ததால் மேல் மேலே ஒட்டியிருக்கிறேன். அது மோசடி இல்லை. என்னையே கேட்கச் சொல்லுங்கள். தொலைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டி "இது உங்கள் பெயரா?" என்றால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். யாராவது என் அட்டைமேல் தம் குறியீட்டை ஒட்டியிருந்தால் நஷ்டம் எனக்குத்தானே, நான் கவனமாகத்தான் பார்ப்பேன்.

ஞாயிறு வகுப்பு | 9 செப்டம்பர், காலை 6.50

இதைவிட நல்ல வழி இல்லை. ரோமன் எழுத்து தெரியாத பாட்டிக்குக் கடைக்காரரின் கண்ணே போதும். ஒரு நிபந்தனை மட்டும்: தொலைபேசி பாட்டியின் கையிலேயே இருக்க வேண்டும். திருப்பிக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. கடைக்காரர் உதவி செய்வதாகச் சொல்லி வாங்கித் தட்டிவிட்டால் பாட்டி தொகையைப் பார்க்கவே மாட்டார்.

புது வசனம். இருவர் பேசுவது போல எழுதியிருக்கிறேன், வகுப்பில் ஒருவர் கடைக்காரராக நடிக்கலாம்.

பாட்டி: "மொத்தம் எவ்வளவு தம்பி?"
கடைக்காரர்: "நான்கு வெள்ளி ஐம்பது காசு."
(பாட்டி செயலியைத் திறந்து, ஸ்கேன் செய்து, தொலைபேசியைத் திருப்பிக் காட்டுகிறார்.)
பாட்டி: "இது உங்கள் பெயர்தானா?"
கடைக்காரர்: "ஆமாம் பாட்டி."
(பாட்டி தொகையைத் தட்டுகிறார். விரலை எடுத்துவிடுகிறார். புள்ளியைத் தேடுகிறார்.)
பாட்டி: "புள்ளிக்கு இந்தப் பக்கம் நான்கு வெள்ளி. அந்தப் பக்கம் ஐம்பது காசு. சரியா தம்பி?"
கடைக்காரர்: "சரி பாட்டி."
(இப்போதுதான் உறுதி.)

இதில் பாட்டிக்கு மூன்று கேள்விகள்தான்: எவ்வளவு, யார், சரியா. மூன்றையும் சத்தமாகக் கேட்க வேண்டும், மனத்துக்குள் அல்ல. மனத்துக்குள் படிக்கும்போது கண்ணுக்குத் தெரிவது நாம் எதிர்பார்த்த எண்தான். அந்தத் தாத்தா வாய்விட்டுப் படித்ததால்தான் நானூற்று ஐம்பது அவர் காதிலேயே விழுந்தது.

"விரலை எடுத்துவிடுகிறார்" என்பதைச் சும்மா எழுதவில்லை. தட்டிய வேகத்திலேயே விரல் கீழே இறங்கி உறுதிப் பொத்தானை அழுத்திவிடுகிறது. தட்டி முடித்ததும் கையை மடியில் வைக்கச் சொல்கிறேன். படித்த பிறகு மறுபடியும் தூக்கட்டும்.

செம்பனைச் சாலை | 13 செப்டம்பர், மாலை 5.26

அப்பாவிடம் போனேன். மீதியைக் காகிதத்தில் எழுதி மூன்று முறை ஸ்கேன் செய்து வெளியே வரும் பாடத்தைச் செய்தோம். மூன்றாவது முறைக்குப் பிறகு அவரே நான்காவது முறையாகச் செய்தார், எனக்குக் காட்டாமல். புள்ளியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுத்தபோது "இவ்வளவுதானா, செக்ரோலில் புள்ளி பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்" என்றார்.

ஆனால் ஒரு சிக்கல். உறுதி செய்யும் இடத்தில் விரல்ரேகை கேட்கிறது. அப்பாவின் பெருவிரலை அது ஏற்கவே மாட்டேன் என்கிறது. ஐந்து முறை வைத்தார், ஐந்து முறையும் மறுத்தது. தொலைபேசி கெட்டுவிட்டதா?

ஞாயிறு வகுப்பு | 14 செப்டம்பர், மதியம் 1.15

கெடவில்லை. என் வகுப்பில் ஒன்பது பேரில் நான்கு பேருக்கு இதே நிலை. பல ஆண்டுகள் கத்தியும் வாளியும் பிடித்த கை, பால் உறைய வைக்கும் திராவகம் பட்ட கை, ரேகை தேய்ந்துவிடும். இன்று ஒரு பாட்டியின் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெருவிரல் நுனி கண்ணாடி போல வழவழவென்று இருந்தது, சுண்டுவிரலில் மட்டும் கோடுகள் தெரிந்தன. சுண்டுவிரலைப் பதிவு செய்தோம். பத்தில் எட்டு முறை ஏற்கிறது. சுண்டுவிரலும் தேய்ந்திருந்தால் விரல்ரேகையை அணைத்துவிட்டு ரகசிய எண்ணுக்கு மாறுங்கள்.

அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. விரலை வைப்பது தொடுவதைப் போன்றது, யோசிக்காமல் நடந்துவிடும். ஆறு எண்களைப் போடும்போது இன்னொரு முறை தொகையைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. கெடுதல் என்னவென்றால் இரண்டு பாட்டிகள் அந்த எண்ணைத் தொலைபேசி உறைக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறந்த ஆண்டை வைக்கக் கூடாது என்று சொன்னேன், பிறகு மறந்துபோகிறது என்றார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெளிவாகவில்லை.

லயத்து வீடு | 14 செப்டம்பர், இரவு 7.40

அம்மா 100 வெள்ளியில் அரிசியும் எண்ணெயும் வாங்கிவிட்டார், நன்றி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு சந்தேகம். கடைச் சீட்டில் 12.83 என்று இருந்ததாம். மூன்று காசு எங்கே இருக்கிறது, இது ஏமாற்று என்று ஸ்கேன் செய்யாமலே வந்துவிட்டார்.

வங்கி முகப்பு | 14 செப்டம்பர், இரவு 8.22

ஏமாற்று இல்லை. ஐந்து காசுக்கு முழுமையாக்குவது ரொக்கத்துக்கு மட்டும்தான், 2008 முதல் அப்படி. ரொக்கமாகக் கொடுத்தால் 12.85. ஸ்கேன் செய்தால் 12.83, உள்ளபடியே. சீட்டில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் அக்கா தைரியமாகக் கொடுக்கலாம்.

ஞாயிறு வகுப்பு | 21 செப்டம்பர், மாலை 3.48

இன்று புது வசனத்தோடு ஒன்பது பேரும் கடைக்குப் போனோம். ஒன்பது பேரில் எட்டு பேர் உதவியில்லாமல் முடித்தார்கள். 450.00 தாத்தா இந்த முறை முதலில் 4 தட்டினார், புள்ளி தட்டினார், 5, 0. படித்தார். கடைக்காரரே "சரி தாத்தா" என்று சொல்லக் காத்திருந்தார்.

ஒன்பதாவது பாட்டிக்கு நடந்தது வேறு. உறுதி செய்தார், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் பட்டணத்தில் செம்பனைக் காட்டுப் பக்கம் திரும்பினாலே இணையத் தொடர்பு போய்விடும். அவர் முந்தைய திரைக்கு வந்து மறுபடியும் ஸ்கேன் செய்து மறுபடியும் 4.50 கொடுத்துவிட்டார். இரண்டாவது முறை பச்சை நிறத்தில் முடிந்தது என்று வந்தது. பிறகு கணக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தால் 4.50 இரண்டு முறை கழிந்திருக்கிறது. வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் செய்தவர் அவர். தவறு வசனத்தில். வட்டம் சுற்றினால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

இப்போது சேர்த்திருக்கிறேன்: வட்டம் சுற்றினால் கையைக் கட்டிக்கொள். மறுபடியும் கட்டாதே. பட்டியலைத் திற. அதில் இருந்தால் போய்விட்டது. இல்லையென்றால் கடைக்காரரையும் அவர் தொலைபேசியில் பார்க்கச் சொல். இரண்டு பக்கமும் இல்லையென்றால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, அன்று மாலை மீண்டும் ஒரு முறை பட்டியலைப் பார். கையில் பத்து வெள்ளி ரொக்கம் இல்லாமல் யாரும் ஸ்கேன் பாடத்துக்கு வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

பழைய வாத்தியார் | 22 செப்டம்பர், காலை 10.05

இவ்வளவுக்கும் பதிலாகப் பிள்ளைகள் ஒரு வேலை செய்யலாம். நாள் ஒன்றுக்கு 50 வெள்ளிக்கு மேல் போகாதபடி செயலியில் வரம்பைக் குறைத்துவிடுங்கள். 450 தட்டினாலும் மறுத்துவிடும்.

செம்பனைச் சாலை | 22 செப்டம்பர், இரவு 9.50

அப்பாவிடம் அதைச் சொன்னேன். "என் பணத்துக்கு நீ பூட்டு போடுவாயா?" என்று கேட்டுவிட்டு அன்று இரவு முழுவதும் பேசவில்லை.

வங்கி முகப்பு | 23 செப்டம்பர், காலை 8.30

பூட்டு வேண்டாம், தனிப் பை வைத்துக்கொள்ளட்டும். ஒரு மின்பணப்பையில் 60, 70 வெள்ளி போட்டு அதிலிருந்து மட்டும் கடைக்குக் கொடுக்கலாம். சேமிப்புக் கணக்கு அந்தப் பக்கமே வராது. ஆனால் மீதி குறைந்தால் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் பைக்கு அடியே கிடையாது.

ஞாயிறு வகுப்பு | 23 செப்டம்பர், இரவு 10.14

வாத்தியார் ஐயா சொன்ன வரம்பு தவறில்லை. ஆனால் அதை யார் வைப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை வருகிறது. என் வகுப்பில் இரண்டு பேர் தாமே வைத்துக்கொண்டார்கள், ஐந்து பேர் மறுத்துவிட்டார்கள். நான் வற்புறுத்தப் போவதில்லை. 50 வெள்ளி வரம்புக்குள்ளேயே 4.50-க்குப் பதில் 45.00 போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

செம்பனைச் சாலை | 27 செப்டம்பர், காலை 9.36

அப்பா தனி மின்பணப்பைக்கு ஒப்புக்கொண்டார், அதில் 60 வெள்ளி போட்டிருக்கிறார். இன்று காலை கீரைக்காரரிடம் தனியாகப் போனார், நான் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு கட்டு முருங்கைக்கீரை, 3 வெள்ளி. தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். பிறகு தட்டினார், கையை இறக்கினார், படித்தார். கீரைக்காரர் தலையாட்டவில்லை. அப்பா மறுபடியும் திரையைப் பார்த்தார், எல்லாவற்றையும் அழித்தார், மறுபடியும் தட்டினார். வீட்டுக்கு வந்து சொன்னார், முதலில் 0.03 என்று வந்ததாம்.

ஞாயிறு வகுப்பு | 28 செப்டம்பர், மதியம் 12.40

இரண்டு முறை 4.50 கட்டிய பாட்டிக்குக் கடைக்காரர் தம் பட்டியலில் இரண்டும் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு நான்கு வெள்ளி ஐம்பது காசை ரொக்கமாகக் கொடுத்துவிட்டார். பாட்டி அதை வாங்கியதும் கையிலேயே எண்ணி, "புள்ளிக்கு இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் ஐம்பது, சரி தம்பி" என்றார். அடுத்த ஞாயிறு மருந்தகத்துக்குப் போகிறோம், தொகை தானாக வரும் கருவியைப் பழக.